முகத்தில் நேராக இருந்தால் போதும்

புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடையிலிருந்து வெளியே வந்தவுடன் பலரும் முதலில் சொல்வது, "ஒரு பக்கம் சாய்ஞ்ச மாதிரி இருக்கு" என்பதுதான். கடைக்காரர் கண்ணாடியை வாங்கி மேசைமேல் வைத்துப் பார்ப்பார். அது ஆடாமல் அசையாமல் நிற்கும். "ஃபிரேம் நேராத்தான் இருக்கு, போடப் போடப் பழகிடும்" என்று திருப்பிக் கொடுப்பார். வாங்கியவர் சொன்னதும் உண்மை, கடைக்காரர் சொன்னதும் உண்மை. ஃபிரேம் நேராகத்தான் இருக்கிறது. அதைத் தாங்கும் முகம்தான் சமமாக இல்லை. ஆனால் அப்படிப்பட்ட முகத்துக்கும் கண்ணாடியைச் சரியாகப் பொருத்த முடியும். அதைச் செய்யாமல் ‘பழகிடும்’ என்று சொல்லி அனுப்புவது பாதி வேலைதான்.

இரண்டு காதும் ஒரே உயரத்தில் உள்ளவர்கள் குறைவு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் மிகச் சாதாரணம். சிலருக்கு ஒரு காது சற்றுப் பின்தள்ளி இருக்கும். சிலருக்குத் தலையின் ஒரு பக்கம் கொஞ்சம் அகலமாக இருக்கும். கண்களும் அப்படித்தான், ஒன்று மேலே, மற்றொன்று சற்றுத் தாழ்வாக அமைந்திருக்கும். நம் முகத்தைத் தினமும் பார்ப்பதால் இதெல்லாம் நமக்குத் தெரிவதில்லை. நேர்கோடாக ஒரு ஃபிரேம் முகத்துக்குக் குறுக்கே வந்து உட்காரும்போதுதான் தெரிகிறது.

இதில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காது சமமில்லாதது ஒரு பிரச்சினை, கண் சமமில்லாதது வேறொரு பிரச்சினை. காதின் வித்தியாசத்தை ஃபிரேமை வளைத்துச் சரிசெய்யலாம். கண்ணின் வித்தியாசத்துக்கு ஃபிரேமை வளைத்துப் பயனில்லை; லென்ஸின் மையத்தை எங்கே வைப்பது என்பதில்தான் அதற்கான தீர்வு இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால், தாழ்ந்த கண்ணுக்காக ஃபிரேமைச் சாய்ப்பதும், சாய்ந்த ஃபிரேமில் லென்ஸுக்குக் குறி போடுவதும் நடந்துவிடும். இரண்டுமே தவறு.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயதுப் பள்ளி ஆசிரியை. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 5 பவர். வலது காது இடது காதைவிட 5 மில்லிமீட்டர் தாழ்வு. இடது கண் வலது கண்ணைவிட 2 மில்லிமீட்டர் தாழ்வு. வயதின் காரணமாகப் படிக்கவும் தனிப் பவர் தேவைப்படுவதால், முதல்முறையாகப் புரோகிரசிவ் லென்ஸ் வாங்க வந்திருக்கிறார். நல்ல ஆப்டீசியன் இவருக்கு என்ன செய்வார்?

முதலில் ஃபிரேமை முகத்தில் வைக்காமல் மேசையில்தான் வைப்பார். கைகளை விரித்து, மேல்விளிம்பு கீழே படும்படி தலைகீழாக வைத்தால், விளிம்பின் இரண்டு பக்கமும் இரண்டு கைகளும் மேசையைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் கோணல் ஃபிரேமில்தான் இருக்கிறது. அதை முதலில் நிமிர்த்திவிடுவார். புது ஃபிரேம்கூடப் பெட்டியில் அழுந்தி வளைந்து வருவதுண்டு. ஃபிரேமின் கோணலை நீக்காமல் முகத்தில் மாட்டினால், எது ஃபிரேமின் குறை, எது முகத்தின் வித்தியாசம் என்று பிரித்தறிய முடியாது.

மேசைச் சோதனை முடிந்த பிறகு முகத்தில் மாட்டுவார். ஆசிரியையின் எதிரே, அவர் கண்மட்டத்துக்குத் தன் கண் வரும்படி உட்கார்ந்து பார்ப்பார். நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் சாய்வு சரியாகத் தெரியாது. ஃபிரேமின் மேல்விளிம்பு புருவத்தோடும் முகத்தின் மொத்த அமைப்போடும் எப்படிப் போகிறது என்று கவனிப்பார். நம் ஆசிரியைக்கு ஃபிரேமின் வலது பக்கம் தாழ்ந்திருக்கும். வலது காது தாழ்வு, அதன்மேல் படுத்திருக்கும் கையும் தாழ்வு, அதனால் முன்பகுதியும் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

இப்போது எந்தக் கையை எந்தப் பக்கம் வளைப்பது? வலது பக்கம் இறங்கியிருப்பதால் வலது கையை மேலே தூக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். செய்ய வேண்டியது நேர்எதிர். வலது கையைக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். கையின் நுனி எங்கே உட்காரும் என்பதைக் காதுதான் தீர்மானிக்கிறது. அதை நாம் மாற்ற முடியாது. கை கீழ்நோக்கி வளைந்திருந்தால், அது தாழ்ந்த காதை எட்டிக்கொள்ளும், முன்பகுதி மேலேயே நிற்கும். சமமில்லாத தரையில் ஆடும் மேசைக்கு, பள்ளத்தில் நிற்கும் காலின் அடியில் அட்டை வைக்கிறோமே, அதே கணக்குதான். தரையை யாரும் இடிப்பதில்லை. அந்த ஒரு காலைத்தான் நீட்டுகிறோம்.

எவ்வளவு வளைக்க வேண்டும்? கீலிலிருந்து காதின் மேல்முனை வரை ஏறத்தாழ 9 அல்லது 10 சென்டிமீட்டர் இருக்கும். அந்த நீளத்தில் 5 மில்லிமீட்டர் இறக்குவதற்கு 3 டிகிரி வளைவு போதும். பார்க்கும் கண்ணுக்கு அது மிகச் சிறிய வளைவு. அனுபவமுள்ளவர்கள் முழுவதையும் ஒரே கையில் செய்வதைவிட வலது கையைச் சற்றுக் கீழே, இடது கையைச் சற்று மேலே என்று பகிர்ந்து வளைப்பார்கள். ஒரே கீலில் மொத்த இழுப்பும் விழாது. லென்ஸின் அடிப்பக்கம் கன்னத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும் இயல்பான கோணமும் மாறாது.

வளைக்கும் இடம் கீலுக்கு அருகே, கை முன்பகுதியோடு சேரும் மூலை. உலோக ஃபிரேம் என்றால் ஒரு குறடால் மூலையை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொரு குறடால் திருப்புவார். மூலையைப் பிடிக்காமல் திருப்பினால் அழுத்தம் முழுக்க லென்ஸின்மீதும் பற்றவைத்த இடத்தின்மீதும் இறங்கும். அசிடேட் பிளாஸ்டிக் என்றால் ஹீட்டரின் சூடான காற்றில் அந்த மூலையை மட்டும் காட்டி இளக்கிவிட்டு வளைப்பார். சூடில்லாமல் வளைத்தால் விரிசல் விடும். சூடு அதிகமானாலோ லென்ஸின்மேல் உள்ள கோட்டிங் வலைப்பின்னல்போல வெடித்துப்போகும். அதனால்தான் லென்ஸின்மேல் சூடு படாமல் பார்த்துக்கொள்வார்கள். டி.ஆர்.-90 என்ற இலேசான நைலான் ரகம் வளைத்த இடத்தில் நிற்காமல் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். காது வித்தியாசம் அதிகமுள்ளவர்களுக்கு அந்த ரகம் வேண்டாம் என்று வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்ல ஆப்டீசியனின் கடமை.

அடுத்து, காதுக்குப் பின்னால் இறங்கும் வளைவு. கண்ணாடி நழுவாமல் நிற்பதும், காதுக்குப் பின்னால் புண்ணாகாமல் இருப்பதும் இதைப் பொறுத்தது. காதின் மேல்முனையைத் தாண்டியவுடன் வளைவு தொடங்க வேண்டும். அதற்கு முன்னாலேயே தொடங்கினால் காதின் மேல்மடிப்பில் அழுத்தி வலிக்கும். மிகவும் பின்னால் தொடங்கினால் கை எதையும் பிடிக்காது, குனிந்தவுடன் கண்ணாடி மூக்கில் இறங்கும். இரண்டு காதும் முன்பின்னாக இருப்பவர்களுக்கு இரண்டு கையிலும் வளைவு தொடங்கும் இடம் வேறாகத்தான் இருக்க வேண்டும். அதற்காக ஆப்டீசியன் காது மடலை விரலால் மெதுவாக விலக்கிப் பார்ப்பார், வளைவு தொடங்க வேண்டிய இடத்தில் நகத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்வார், கழற்றிச் சூடுகாட்டி அந்த இடத்தில் வளைப்பார். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் வளைத்து நீட்டுபவர் காதைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவதாக, தலைக்கு மேலிருந்து பார்ப்பார். இரண்டு லென்ஸும் முகத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா? தலையின் ஒரு பக்கம் அகலமாக இருந்தால் அந்தப் பக்கக் கையைத் தலை வெளியே தள்ளும். அந்தப் பக்க லென்ஸ் முகத்தைவிட்டு முன்னால் போகும். அந்தக் கையைக் கீலருகே கொஞ்சம் வெளியே திறந்துவிட்டால் லென்ஸ் உள்ளே வந்துவிடும். எந்தப் பக்க லென்ஸ் வெளியே போகிறதோ அந்தப் பக்கக் கையை வெளியே, எந்தப் பக்க லென்ஸ் உள்ளே வருகிறதோ அந்தப் பக்கக் கையை உள்ளே என்பதுதான் கணக்கு. கையில் கோணல் இருக்கும்போது நோஸ் பேடை இழுத்து ஈடுகட்டுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் மூக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் சிவந்த தழும்பு விழும். காதையும் தலையையும் சரிசெய்த பிறகுதான் நோஸ் பேடுக்கு வர வேண்டும்.

இத்தனையும் அழகுக்காக மட்டும் என்று நினைக்கக் கூடாது. லென்ஸின் நடுவில் ஒரு புள்ளி உண்டு. அதன் வழியே பார்த்தால் ஒளி வளையாமல் நேராகக் கண்ணுக்கு வரும். அந்தப் புள்ளியிலிருந்து விலகிப் பார்த்தால், லென்ஸ் ஒரு பிரிஸமாக வேலைசெய்து படத்தை இடம்மாற்றிக் காட்டும். விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் எவ்வளவு பிரிஸம் என்பது கிடைத்துவிடும். ஆசிரியையின் ஃபிரேமைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இரண்டு காதுகளுக்கு இடையே சுமார் 14 சென்டிமீட்டரில் 5 மில்லிமீட்டர் சாய்வு. கண்மணிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டர் என்றால், இரண்டு லென்ஸ் மையங்களுக்கும் இடையே சுமார் 2 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் வரும். 0.2 சென்டிமீட்டரை 5ஆல் பெருக்கினால் 1 பிரிஸம் டயாப்டர்.

ஒரு பிரிஸம் டயாப்டர் என்பது 1 மீட்டர் தூரத்தில் 1 சென்டிமீட்டர் நகர்வு. வகுப்பின் கடைசி வரிசையில் நின்று 6 மீட்டர் தள்ளியுள்ள கரும்பலகையைப் பார்த்தால், ஒரு கண்ணுக்குத் தெரியும் வரி மற்றக் கண்ணுக்குத் தெரிவதைவிட 6 சென்டிமீட்டர் மேலே இருக்கும். கண்கள் அதை இழுத்து ஒன்றாக்கப் பார்க்கும். பக்கவாட்டில் வரும் நகர்வைக் கண்கள் ஓரளவு எளிதாகச் சமாளிக்கும். அருகில் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பிப் பழகியவைதானே. ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் தனித்தனியாகப் போவதற்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் மேல்கீழ் வித்தியாசம் சிறிதாக இருந்தாலும் பலருக்கு நெற்றி வலி, கண்சோர்வு, வாசிக்கும்போது வரி தாவுவது என்று வெளிப்படும். 0.50 பவர் உள்ளவருக்கு இதே சாய்வு 0.1 பிரிஸம்தான் தரும். அவர் உணரவே மாட்டார். சாய்ந்த கண்ணாடி ஒருவருக்கு வெறும் தோற்றக் குறையாகவும் இன்னொருவருக்குத் தலைவலியாகவும் ஆவதற்குக் காரணம் பவர்தான்.

காதுகளுக்கு ஏற்ப ஃபிரேம் நேராக உட்கார்ந்துவிட்டது. இனி கண்கள். ஆசிரியையின் இடது கண் 2 மில்லிமீட்டர் தாழ்வு. இதற்காக ஃபிரேமை இடதுபக்கம் சாய்த்துவிடலாமா? ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விட்டுக்கொடுப்பதுண்டு. கண்களும் புருவமும் ஒரே திசையில் சரிந்திருப்பவருக்கு அது இன்னும் இயல்பாகத் தெரியும். அதற்குமேல் சாய்த்தால் எதிரே நிற்பவருக்குக் கோணலாகத் தெரியும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு லென்ஸின் ஆக்ஸிஸும் அதோடு சேர்ந்து திரும்பிவிடும். ஆகவே ஃபிரேம் முகத்துக்கு நேராகவே இருக்கட்டும், லென்ஸின் மையத்தை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக இறக்கி ஏற்றுவோம் என்பதே சரியான முடிவு.

அதற்கான குறியை எப்படிப் போடுகிறார்கள் என்பதை வாசகர்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்தில் எதிரெதிரே, ஒரே கண்மட்டத்தில் இருவரும் உட்கார வேண்டும். ஆசிரியை தலையைத் தூக்காமலும் குனியாமலும் வழக்கமாக வைத்துக்கொள்வதுபோல வைத்திருக்க வேண்டும். ஆப்டீசியன் தன் வலது கண்ணை மூடிக்கொண்டு, "என்னோட திறந்திருக்கிற கண்ணைப் பாருங்கம்மா" என்பார். ஆசிரியையின் வலது கண் அவருடைய இடது கண்ணை நேராகப் பார்க்கும்போது, டெமோ லென்ஸில் கண்மணியின் நடுவில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி. பிறகு அவர் கண்ணை மாற்றி மூடி, அடுத்த கண்ணுக்கு இன்னொரு புள்ளி. இருவரும் அசையாமல் இருக்க வேண்டும். முடிந்தபின் கண்ணாடியைக் கழற்றி, திரும்ப மாட்டி, புள்ளிகள் கண்மணியின் நடுவிலேயே விழுகின்றனவா என்று சரிபார்ப்பார். லென்ஸின் கீழ்விளிம்பிலிருந்து அளந்தால் வலது 21 மில்லிமீட்டர், இடது 19 மில்லிமீட்டர் என்று வரும். மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்மணிக்கும் உள்ள தூரமும் தனித்தனியாகக் குறிக்கப்படும்.

இந்த இரண்டு எண்ணும் ஆர்டர் சீட்டில் தனித்தனியாக ஏற வேண்டும். இங்கேதான் அலட்சியம் அதிகம். ‘இரண்டுக்கும் 20’ என்று சராசரி போட்டு அனுப்பிவிட்டால், ஒரு கண்ணுக்கு 1 மில்லிமீட்டர் தாழ்வும் ஒரு கண்ணுக்கு 1 மில்லிமீட்டர் உயர்வுமாகப் பழைய 2 மில்லிமீட்டர் திரும்ப வந்துவிடும். காதைச் சரிசெய்து நீக்கிய அதே 1 பிரிஸம் டயாப்டர் வேறு வழியாக உள்ளே வருகிறது. புரோகிரசிவ் லென்ஸில் இன்னொரு தொல்லையும் சேரும். தூரத்துக்கான பகுதியிலிருந்து படிப்பதற்கான பகுதிக்குப் பவர் படிப்படியாக மாறிக்கொண்டே இறங்கும். குறி தவறினால் இடது கண் படிக்கும் பகுதிக்குச் சீக்கிரம் வந்துவிடும், வலது கண் இன்னும் வந்திருக்காது. எழுத்து ஒரு கண்ணுக்குத் தெளிவாகவும் ஒரு கண்ணுக்கு மங்கலாகவும் இருக்க, ‘புரோகிரசிவ் எனக்குச் சரிப்படவில்லை’ என்று அலமாரியில் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் சரிப்படாதது லென்ஸ் அல்ல, குறி.

ஒரு எச்சரிக்கை. கண்மணி தாழ்ந்து தெரிவதெல்லாம் கண்குழி தாழ்ந்திருப்பதால் அல்ல. மாறுகண் உள்ள சிலருக்கு ஒரு கண் மேலே விலகியிருக்கும். அதைச் சரியென்று நம்பிக் குறி போட்டால் லென்ஸின் மையம் தவறான இடத்தில் போய் உட்காரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு கண்ணை மறைத்து, மற்றக் கண்ணை மட்டும் நேராகப் பார்க்கவைத்துக் குறி போட வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தபோது போட்ட குறியும் இதுவும் வேறுபட்டால், ஆப்டீசியன் அங்கேயே நிறுத்திப் பரிசோதகரிடமோ கண் மருத்துவரிடமோ அனுப்ப வேண்டும். எப்போதும் தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பவர்களும் அப்படித்தான். சில நேரம் அந்தச் சாய்வே இரட்டைப் பார்வையைத் தவிர்க்கக் கண்கள் கண்டுபிடித்த வழியாக இருக்கும். சமீபத்தில் ஒரு கண் முன்னே துருத்தியதுபோலவோ இமை இறங்கியதுபோலவோ தெரிந்தால் அது கண்ணாடிக் கடையில் சரிசெய்யும் விஷயமே அல்ல. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பழைய கண்ணாடியையும் கொண்டுபோக வேண்டும். அதன் மையங்கள் எங்கே இருந்தன என்பதை லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்துவிடலாம். பல வருடம் தவறான மையத்தோடு பழகியவருக்குச் சரியான மையம் முதலில் சில நாள் வித்தியாசமாகத் தெரியக்கூடும். மருத்துவரே வேண்டுமென்று பிரிஸம் எழுதியிருந்தால் அதைக் கலைத்துவிடவும் கூடாது.

ஃபிரேம் தேர்விலும் யோசிக்க வேண்டியது உண்டு. மேல்விளிம்பு தடித்துக் கறுப்பாக, நேர்கோடாக இருக்கும் ஃபிரேம், கண் ஏற்ற இறக்கத்தை எடுத்துக்காட்டும். மேல்விளிம்பு மெல்லிதாகவோ வளைவாகவோ உள்ள ஃபிரேமில் அது அவ்வளவாகத் தெரியாது. தனித்தனியாக நகர்த்தக்கூடிய நோஸ் பேட் இருந்தால், மூக்கு சற்றுக் கோணலாக உள்ளவர்களுக்கும் நடுவில் உட்காரவைக்கலாம். அளவுகளைக் கேட்காமல் பவரையும் கண்மணிகளின் மொத்த இடைவெளியையும் மட்டும் வாங்கிக்கொண்டு இணையத்தில் செய்துகொடுக்கும் கண்ணாடியில் இந்தப் பொருத்தம் எதுவும் நடக்காது. குறைந்த பவருக்கு அது ஓடிவிடும். கூடுதல் பவருக்கும் புரோகிரசிவுக்கும் ஓடாது.

எல்லாம் முடிந்து ஆசிரியையின் கண்ணாடியை மேசையில் வைத்தால், இப்போது அது ஆடும். ஒரு கை தொடும், மற்றொன்று தூக்கிக்கொண்டு நிற்கும். அதுதான் சரி. வீட்டில் யாராவது அதைப் பார்த்து ‘வளைஞ்சிருக்கு’ என்று நிமிர்த்திவிட்டால், செய்த வேலை அத்தனையும் போய்விடும். வேறு கடையில் ஸ்க்ரூ மாற்றக் கொடுக்கும்போதும் "இது என் முகத்துக்காக வளைச்சது, நிமிர்த்தாதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு கையால் இழுத்துக் கழற்றினால் ஒரு பக்கம் விரிந்துபோகும். இரண்டு கையாலும் கழற்றுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பிளாஸ்டிக் ஃபிரேமை வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் அது இளகிச் செட்டிங் மாறும்.

அடுத்தமுறை கண்ணாடி வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ஃபிரேமை என் காதுக்கேற்பச் சரிசெய்த பிறகுதானே குறி போடுகிறீர்கள்? இரண்டு கண்ணுக்கும் உயரத்தைத் தனித்தனியாக அளந்தீர்களா? லென்ஸ் வந்த பிறகு அந்தக் குறிகளை என் முகத்தில் வைத்துப் பார்த்துக் காட்டுவீர்களா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்று சொல்லிச் செய்தும் காட்டுகிற கடையில் வாங்குங்கள். கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதி இந்த வேலைக்கான கூலி. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.